இரும்பின் விளிம்பில் திரும்பும் காந்தக் கோடு

இரும்புக்குள் ஓடும் ஒரு காந்தப்புலக் கோடு காற்றுக்குள் நுழையும் இடத்தில் சட்டென்று திசை மாறுகிறது. இரும்பின் உள்ளே அது மேற்பரப்பை ஒட்டிப் படுத்தபடி வந்திருக்கலாம். ஆனால் வெளியே வந்த கணமே, அந்தப் பரப்பின்மேல் நட்டுவைத்த கம்பிபோலக் கிட்டத்தட்ட நேராக எழுந்து நிற்கிறது. இடையில் மெல்ல வளைவதற்கு இடமே இல்லை. பரப்பின் ஒருபுறம் ஒரு திசை, மறுபுறம் வேறொரு திசை. இந்தத் திருப்பம் எவ்வளவு இருக்கும் என்பதை இரண்டே விதிகள் தீர்மானிக்கின்றன. இரு பொருள்கள் சந்திக்கும் பரப்பில் காந்தப்புலம் கட்டாயம் பின்பற்றும் இந்த விதிகளுக்கு எல்லை நிபந்தனைகள் என்று பெயர்.

விதிகளைச் சொல்வதற்குமுன் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது காந்தத் தூண்டல். இதை B என்று குறிப்பார்கள், அலகு டெஸ்லா. ஓரிடத்தில் மொத்தமாக இருக்கும் காந்தப்புலம் இதுதான். கம்பியில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கியதும், பொருளுக்குள் இருக்கும் அணுக்கள் தம் பங்காகச் சேர்த்ததும் இதில் அடங்கும். இரண்டாவது காந்தமாக்கு புலம், அதாவது H. அலகு மீட்டருக்கு இத்தனை ஆம்பியர். மொத்தத்திலிருந்து பொருளின் சொந்தக் காந்தத்தன்மையைக் கழித்தபின் நிற்பது இது. காற்றில் கழிக்க ஒன்றுமில்லை. ஆகவே அங்கே இரண்டும் ஒரே செய்தியை வேறு வேறு அலகுகளில் சொல்கின்றன. இரும்பில் அப்படியல்ல. சிறிய H கூட இரும்பின் அணுக்களை வரிசைப்படுத்திப் பெரிய B-யை எழுப்பிவிடும். அதே H காற்றில் எழுப்புவதைப்போல இரும்பில் எத்தனை மடங்கு B எழும் என்பதைச் சொல்லும் எண் ஒப்புமை உட்புகுதிறன். மின்பொறிகளில் பயன்படும் மென்மையான இரும்புக்கு இது சில ஆயிரங்களில் இருக்கும். இங்கே வரும் கணக்குகளுக்கு 2000 என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் விதி B-யைப் பற்றியது. இரும்பின் மேற்பரப்பை நடுவில் வைத்து, பாதி இரும்பிலும் பாதி காற்றிலும் இருக்கும்படி, மிகத் தட்டையான ஒரு டப்பியைக் கற்பனை செய்துகொள்வோம். தனி வடதுருவமோ தனித் தென்துருவமோ இயற்கையில் இதுவரை கண்டறியப்படவில்லை. எனவே காந்தக் கோடுகள் எங்கும் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. டப்பிக்குள் எத்தனை கோடுகள் நுழைகின்றனவோ அத்தனையும் வெளியேறியாக வேண்டும். டப்பியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பக்கச் சுவர்கள் மறைந்து, இரும்புப் பக்கம் ஒரு மூடியும் காற்றுப் பக்கம் ஒரு மூடியும் மட்டும் மிஞ்சும். ஒன்றின் வழியாக வந்தது மற்றொன்றின் வழியாகப் போக வேண்டும். ஆக, பரப்புக்குச் செங்குத்தான திசையில் B-யின் கூறு இருபுறமும் சமம். இந்த விதிக்கு விலக்கே கிடையாது. பொருள் எதுவானாலும், மின்னோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நிற்கும்.

இரண்டாவது விதி H-ஐப் பற்றியது. இப்போது டப்பிக்குப் பதிலாக ஒடுங்கிய செவ்வகப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீண்ட பக்கங்களில் ஒன்று இரும்புக்குள் பரப்பை ஒட்டியும், மற்றொன்று காற்றில் பரப்பை ஒட்டியும் செல்கின்றன. மூடிய பாதை ஒன்றைச் சுற்றிவரும்போது H-ஐக் கூட்டிக்கொண்டே போனால், அந்தப் பாதையை ஊடுருவிச் செல்லும் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும் என்பது ஆம்பியர் விதி. செவ்வகத்தின் குறுகிய பக்கங்களை ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கினால் நீண்ட பக்கங்கள் இரண்டும்தான் கணக்கில் நிற்கும். பரப்பின்மேல் கம்பியோ வேறு மின்னோட்டமோ இல்லையென்றால் கூட்டுத்தொகை சுழி. ஆக, பரப்பை ஒட்டிய திசையில் H-இன் கூறு இருபுறமும் சமம். பரப்பில் மின்னோட்டம் ஓடினால் மட்டும், ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை ஆம்பியர் ஓடுகிறதோ அத்தனை வித்தியாசம் இரண்டு பக்கங்களுக்கும் இடையே வரும். இந்தக் கடைசி வாக்கியம் பின்னால் மிகவும் தேவைப்படும்.

கோடு திரும்புவதற்குக் காரணம் இந்த இரண்டு விதிகளும் வெவ்வேறு அளவுகளைப் பற்றிப் பேசுவதுதான். செங்குத்துத் திசையில் மாறாமல் நிற்பது B. பரப்பை ஒட்டிய திசையில் மாறாமல் நிற்பது H. ஒரே H இரும்பில் 2000 மடங்கு B-யை எழுப்புவதால், கோட்டின் கிடைக் கூறு இரும்பில் 2000 மடங்காகப் பெருகுகிறது. செங்குத்துக் கூறோ அப்படியே இருக்கிறது. கோடு படுத்துவிடுவதில் வியப்பில்லை. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கும் கோணங்களை θ₁, θ₂ என்றும், இரு பொருள்களின் உட்புகுதிறன்களை μ₁, μ₂ என்றும் குறித்தால் உறவு இவ்வளவுதான்:

tan θ₁ / tan θ₂ = μ₁ / μ₂

பள்ளியில் ஒளிவிலகலைப் படித்தவர்களுக்கு இது பழகிய முகமாகத் தோன்றும். ஆனால் இரண்டு முக்கிய வேறுபாடுகள் உண்டு. ஒளிக்கதிர் அடர்ந்த ஊடகத்தில் நுழையும்போது செங்குத்துக் கோட்டை நோக்கித் திரும்பும். காந்தக் கோடு உட்புகுதிறன் மிகுந்த பொருளில் நுழையும்போது செங்குத்துக் கோட்டை விட்டு விலகித் திரும்பும். மேலும், ஒளிவிலகல் விதியில் வருவது சைன். அது ஒன்றைத் தாண்டாது என்பதால் சில கோணங்களில் கதிர் வெளியேற வழியில்லாமல் முழுவதும் உள்ளேயே எதிரொளிக்கப்படும். இங்கே வருவது டேன்ஜென்ட். அதற்கு மேல்வரம்பு இல்லை. எந்தக் கோணத்தில் வந்தாலும் காந்தக் கோட்டுக்கு மறுபுறம் போக ஒரு கோணம் உண்டு.

எண்களோடு ஓர் இடத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். காற்றிலிருந்து ஒரு கோடு இரும்புப் பரப்பை அடைகிறது. அங்கே B-யின் அளவு 0.02 டெஸ்லா. செங்குத்திலிருந்து அதன் சாய்வு 2 டிகிரி மட்டுமே. கண்ணுக்கு நேராக நிற்பதுபோலத்தான் தெரியும். அதன் செங்குத்துக் கூறு ஏறத்தாழ 0.02 டெஸ்லாவே. பரப்பை ஒட்டிய கூறு 0.0007 டெஸ்லா. இரும்புக்குள் செங்குத்துக் கூறு அதே 0.02 டெஸ்லாவாக நுழைகிறது. ஒட்டிய கூறு 2000 மடங்காகி 1.4 டெஸ்லாவைத் தொடுகிறது. காற்றில் 2 டிகிரி சாய்ந்திருந்த கோடு இரும்பில் 89 டிகிரிக்கும் மேலாகச் சாய்ந்து, பரப்போடு ஒட்டிப் படுத்துவிடுகிறது. புலத்தின் வலிமையும் 0.02-லிருந்து 1.4 டெஸ்லாவாக, அதாவது 70 மடங்காக, உயர்கிறது. அவ்வளவு கோடுகளும் இந்தச் சிறு பரப்பின் வழியாக நுழைந்துவிடவில்லை. அவற்றில் மிகப் பெரும்பகுதி இரும்புக்குள்ளேயே வேறு எங்கிருந்தோ பரப்புக்கு இணையாக ஓடிவருகிறது. இந்த இடத்தில் நுழைவது அதில் ஒரு துளிதான்.

H-ஐக் கவனித்தால் படம் தலைகீழாகத் தெரியும். பரப்பை ஒட்டிய H இருபுறமும் மீட்டருக்கு சுமார் 555 ஆம்பியர். செங்குத்தான H காற்றில் 15,900. இரும்பில் வெறும் 8. செங்குத்துத் திசையில் புலத்தைச் செலுத்த இரும்பு கிட்டத்தட்ட எதையும் கேட்பதில்லை. சுமை முழுவதையும் காற்றே எடுத்துக்கொள்கிறது. மின்காந்தம் ஒன்றில் ஒரு மில்லிமீட்டர் காற்று இடைவெளி, அரை மீட்டர் இரும்பைவிட அதிக ஆம்பியர் சுற்றுகளை விழுங்குவதற்குக் காரணம் இதுவே.

ஒட்டிய திசையில் B இப்படித் தாவுவதை எது செய்கிறது? இரும்பின் ஒவ்வோர் அணுவும் சிறு மின்சுழல்போல நடந்துகொள்கிறது. உள்ளே அடுத்தடுத்த சுழல்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். விளிம்பில் இருப்பவற்றுக்கு நீக்க அடுத்தவர் இல்லை. ஆகவே பரப்பு முழுவதும் ஒரு மின்னோட்டப் படலம் ஓடுவதுபோன்ற விளைவு உண்டாகிறது. மேலே கண்ட கணக்கில் அதன் அளவு, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 11,000 ஆம்பியர். எந்தச் செம்புக் கம்பியும் இந்த அளவைத் தாங்காது. இரும்பில் இதனால் துளியும் சூடு பிறப்பதில்லை. ஏனெனில் இங்கே எந்த எலக்ட்ரானும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கடத்தப்படுவதில்லை.

இரும்பிலிருந்து கோடுகள் எப்போதும் செங்குத்தாகவே வெளிவரும் என்று பல நூல்கள் பொதுவாகச் சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் இது சரி. உட்புகுதிறன் 2000 உள்ள இரும்பில் 45 டிகிரி சாய்ந்து வந்த கோடு, வெளியே 0.03 டிகிரிதான் சாய்ந்திருக்கும். 85 டிகிரி சாய்ந்து வந்ததும் மூன்றில் ஒரு டிகிரியாகச் சுருங்கும். ஆனால் உள்ளே 89.9 டிகிரி சாய்ந்து, பரப்பைத் தடவியபடி வரும் கோடு வெளியே 16 டிகிரி சாய்ந்தே எழும். புலம் பரப்புக்கு இணையாக ஓடும் நீண்ட இரும்புச் சட்டங்களின் பக்கவாட்டில் இது நடக்கிறது. ஆகவே விதி ‘எப்போதும் செங்குத்து’ என்பதல்ல. தடவி வருபவை தவிர மற்றவை செங்குத்தை நெருங்குகின்றன என்பதே சரி.

இரும்பு நிறைவுறும்போதும் நிலைமை மாறுகிறது. 2 டெஸ்லாவை நெருங்கும்போது பெரும்பாலான அணுக்கள் வரிசையாகிவிட்டிருக்கும். மேலும் H கொடுத்தாலும் B அதிகம் ஏறாது. ஒப்புமை உட்புகுதிறன் ஆயிரங்களிலிருந்து சில பத்துகளாக விழுந்துவிடும். அது 30 ஆனதும், முன்பு 85 டிகிரியில் வந்து செங்குத்தாக எழுந்த அதே கோடு, இப்போது 21 டிகிரி சாய்ந்து வெளியேறும். கோடுகள் சாய்ந்து எழுவதும், இரும்பின் பக்கங்களிலிருந்து கசிவதும் சேர்ந்தே தோன்றும். மின்பொறி ஒன்றின் புலப்படத்தில் இரும்பை விட்டுக் கிளம்பும் கோடுகள் சாய்வாகத் தெரிந்தால், அந்த இடம் நிறைவை எட்டிவிட்டதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நிரந்தரக் காந்தத்துக்கு டேன்ஜென்ட் உறவு பொருந்தவே பொருந்தாது. நியோடிமியம் காந்தத்தில் B-யும் H-உம் ஒரே திசையில் இருப்பதில்லை. உள்ளே B தென்முனையிலிருந்து வடமுனைக்குப் போகிறது; H அதற்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. அப்படியிருக்க, B-யை H-ஆல் வகுத்து உட்புகுதிறன் என்று ஓர் எண்ணைச் சொல்வதில் பொருளில்லை. ஆனால் எல்லை நிபந்தனைகள் இரண்டும் அங்கும் பிசகாமல் நிற்கின்றன. காந்தத்தின் நீண்ட பக்கச் சுவரில் ஒட்டிய H உள்ளும் புறமும் சமம். இரு பக்கமும் அது வடமுனையிலிருந்து தென்முனையை நோக்கியது. வெளியே B அந்த H-ஐப் பின்பற்றுகிறது, உள்ளே எதிர்த்திசையில் ஓடுகிறது. எனவே பக்கச் சுவர் வழியாக வெளியேறும் கோடு, வந்த திசைக்கே கூர்மையாக மடங்கித் திரும்புகிறது. துருவ முகத்திலோ இதற்கு நேர்மாறு. அந்தப் பொருளின் உட்புகுதிறன் காற்றினுடையதைவிடச் சற்றே அதிகம் என்பதால், முகத்தைக் கடக்கும் கோடு கிட்டத்தட்டத் திரும்புவதே இல்லை. ஓரங்களில் விரிந்து சாய்ந்தபடியே வெளியேறுகிறது. மென்மையான இரும்பின் படத்தை வைத்துக்கொண்டு காந்தத்தின் முகத்திலும் கோடுகளைச் செங்குத்தாக வரைவது பிழை.

இரண்டாவது விதிக்கு அளவீட்டில் ஒரு நேரடிப் பயன் இருக்கிறது. மின்மாற்றிக்கான எஃகுத் தகடு நல்லதா என்று சோதிக்க, தகட்டுக்குள் H எவ்வளவு என்று தெரிய வேண்டும். திட எஃகுக்குள் கருவியை நுழைக்க முடியாது. ஆனால் ஒட்டிய H இருபுறமும் சமம் என்பதால் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. மெல்லிய பட்டையின்மேல் பல சுற்றுகள் சுற்றிய தட்டைச் சுருளைத் தகட்டின்மேல் ஒட்டி வைத்தால் போதும். மாறுதிசைப் புலம் அதில் தூண்டும் மின்னழுத்தத்திலிருந்து, பரப்பை ஒட்டிய காற்றின் H கிடைக்கும். அதுவே தகட்டுக்குள் இருக்கும் H.

இந்த அளவீடு கெடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சுருள் பரப்பிலிருந்து தள்ளியிருந்தால் அது அளப்பது பரப்பின் H அல்ல. அதனால்தான் வெவ்வேறு உயரங்களில் இரண்டு சுருள்களை வைத்து, அவை காட்டும் அளவுகளை நீட்டிப் பரப்பில் என்ன இருக்கும் என்று கணிக்கிறார்கள். மற்றது சாய்வு. மேலே கண்ட கணக்கின் இடத்தையே எடுத்துக்கொண்டால், ஒட்டிய H 555. செங்குத்தான H 15,900. சுருள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் செங்குத்துக் கூறிலிருந்து சுமார் 278 உள்ளே கலந்துவிடும். அளவு பாதி மடங்கு தவறிவிடும். சுருளை முனை மாற்றித் திருப்பி வைத்து மறுபடி அளந்தால் இந்தப் பிழை வெளிப்பட்டுவிடும்: சாய்வு எதுவும் இல்லையென்றால் இரண்டு அளவுகளும் குறி மட்டும் மாறி ஒத்திருக்கும்.

எல்லை நிபந்தனைகளின் முழுப் பலமும் வெளிப்படும் இடம் மின்மோட்டாரின் உள்ளே, ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளி. சிறிய தூண்டல் மோட்டார்களில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்டேட்டரிலிருந்து கிளம்பும் கோடுகள் அந்த இடைவெளியைத் தாண்டி ரோட்டாரில் நுழைகின்றன. இருபுறமும் இரும்பு என்பதால் கோடுகள் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். உண்மையிலேயே அப்படி நின்றுவிட்டால் மோட்டார் சுழலாது.

காரணம், புலம் ஒரு பரப்பின்மேல் செலுத்தும் விசையின் தன்மை. மேக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலில், காந்தக் கோடுகள் தம் நீளவாட்டில் இழுவிசை கொண்டவை என்று கொண்டு இந்த விசையைக் கணக்கிட வழி காட்டினார். கோடு பரப்புக்குச் செங்குத்தாக இருந்தால் பரப்பை நேராக வெளியே இழுக்கும், பக்கவாட்டில் தள்ளாது. பக்கவாட்டு விசை வேண்டுமானால் கோடு சாய்ந்தே ஆக வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு அந்த விசை, செங்குத்தான B-யை ஒட்டிய H-ஆல் பெருக்கினால் கிடைப்பது.

அந்தச் சாய்வைக் கொண்டுவருவது ரோட்டாரின் ஸ்லாட்டுகளில் இருக்கும் அலுமினியக் கம்பிகளில் ஓடும் மின்னோட்டம். கணக்குக்காக அவற்றை ரோட்டார் பரப்பில் பரவிய ஒரு படலமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் உச்ச அளவு மீட்டருக்கு 30,000 ஆம்பியர் என்போம். இரும்புக்குள் H மிகச் சிறியது. ஆகவே இரண்டாவது விதிப்படி இடைவெளியில், பரப்பை ஒட்டிய H அதே 30,000 ஆகிறது. B-யாக மாற்றினால் அது 0.038 டெஸ்லா. செங்குத்தான B-யின் உச்சம் 0.8 டெஸ்லா என்றால், கோடுகளின் சாய்வு 2.7 டிகிரி. மோட்டாரின் திருப்புவிசை முழுவதும் இந்த 2.7 டிகிரிக்குள் அடங்கியிருக்கிறது.

பெருக்கிப் பார்த்தால், சதுர மீட்டருக்கு 24,000 நியூட்டன் பக்கவாட்டு விசை. B-யும் மின்னோட்டமும் ரோட்டாரைச் சுற்றிச் சைன் அலைபோல ஏறி இறங்குவதால், இரண்டும் ஒத்தே ஏறி இறங்கினாலும் சராசரி இதில் பாதி, 12,000. ரோட்டாரின் ஆரம் 5 சென்டிமீட்டர், நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், வளைபரப்பு 0.0314 சதுர மீட்டர். விசை 377 நியூட்டன்; திருப்புவிசை சுமார் 19 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று வேகத்தில் இது 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 4 குதிரைத்திறன். கிணற்றில் ஓடும் பம்புக்குப் பூட்டும் சாதாரண மோட்டாரின் அளவு இது.

அதே கோடுகள் ரோட்டாரை வெளிப்புறமாக இழுக்கும் விசை, அந்த உச்ச இடத்தில் பக்கவாட்டு விசையைப்போலப் பத்து மடங்கு: ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 நியூட்டன். ரோட்டார் நடுவில் இருக்கும்வரை எதிரெதிர்ப் பக்கங்களின் இழுவைகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். பேரிங் தேய்ந்து ரோட்டார் ஒருபுறம் நகர்ந்தால், நெருங்கிய பக்கத்தில் புலம் வலுத்து அந்தப் பக்கமே மேலும் இழுக்கும். ரோட்டார் ஸ்டேட்டரில் உரசிய தடம் சுற்றளவு முழுவதும் இல்லாமல் ஒரே பக்கத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மோட்டாரைக் கணினியில் வடிவமைப்பவர்கள் இடைவெளியைச் சிறு முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் புலத்தைக் கணக்கிடுகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கையாளும் முறையில் முதல் விதி முக்கோணங்களின் விளிம்புகளில் தானாகவே துல்லியமாக நிறைவேறும். இரண்டாவது விதி தோராயமாகவே நிறைவேறும். இரும்பின் விளிம்பில் ஒட்டிய H இருபுறமும் எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்தால், கணக்கின் தரம் தெரிந்துவிடும். திருப்புவிசை அந்தச் சிறிய சாய்விலிருந்தே வருவதால் கோணத்தில் சிறு பிழையும் விடையைப் பெரிதாகப் பிறழச் செய்யும். ஆகவே இரும்புப் பரப்பின்மேல் விசையைக் கூட்டாமல், இடைவெளியின் நடுவே காற்றில் ஒரு வட்டம் வரைந்து அதன்மேல் கூட்டுகிறார்கள். பிறகு ஆரத்தைச் சற்று மாற்றி இன்னொரு வட்டத்தின்மேலும் கூட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காற்று மட்டுமே என்பதால் இரு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் முக்கோணங்களை இன்னும் சிறிதாக வெட்ட வேண்டும்.